"இது யாரு கதைடா?": மெஷின் மாதிரி இருக்கிற டிராஃப்ட்டைத் திருத்துவது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டேன்.)

போன மாசம் ஒரு எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் எழுதி, ரெக்கார்ட் பண்ணி, எடிட் பண்ணி, கடைசியில போடாம விட்டுட்டேன். என்ன ஆச்சுன்னு நிறையப் பேர் கேட்டீங்க. இன்னைக்கு அதைத்தான் சொல்லப் போறேன்.

அந்த எபிசோடு எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல 1991, 92-ல நடந்த அறிவொளி இயக்கத்தைப் பத்தினது. குறிப்பா, அந்த இயக்கத்துல பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட கதை. அப்படிக் கத்துக்கிட்டவங்கள்ல எங்க அம்மாவும் ஒருத்தர். அதனால போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போட்டுக் காமிச்சேன். ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டு, "நல்லாத்தான் இருக்கு. இது யாரு கதைடா?"ன்னு கேட்டாங்க.

அவங்க கிண்டலுக்குக் கேட்கல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டாங்க. அவங்க கதையை வச்சு நான் எழுதின ஸ்கிரிப்ட்ல அவங்களாலயே அவங்களைக் கண்டுபிடிக்க முடியல.

ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு அனுப்பினேன். "ஏஐல போட்டு எடுத்தியா?"ன்னு கேட்டான். இல்ல, ஒவ்வொரு வார்த்தையும் நானே டைப் பண்ணினது. அதுதான் எனக்கு உறைச்சது. மெஷின் மாதிரி எழுதறதுக்கு மெஷின் வேணும்னே இல்லை போல.

முதல்ல அந்த டிராஃப்ட்டைக் கேளுங்க

முதல் பத்தி இதுதான். ஒரு எழுத்துகூட மாத்தாம வாசிக்கிறேன்.

> புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களின் வாழ்க்கையில் ஒரு முக்கியப் பங்கு வகித்தது. இந்த இயக்கம் எழுத்தறிவு மட்டுமல்லாமல் தன்னம்பிக்கை மற்றும் சுதந்திரத்தையும் பெண்களுக்கு வழங்கியது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அவர்களுக்கு ஒரு புதிய உலகத்தின் கதவைத் திறந்தது. பல்வேறு தடைகளையும் சவால்களையும் கடந்து பெண்கள் தங்கள் இலக்கை நோக்கிப் பயணித்தனர். இன்றும் இந்த இயக்கம் பலருக்கும் ஒரு சிறந்த உத்வேகமாகத் திகழ்கிறது என்றால் மிகையாகாது.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பொய்யும் இல்லைன்னுதான் அப்ப நினைச்சேன். ஸ்கூல்ல கொடுத்திருந்தா பத்துக்கு எட்டு மார்க் வாங்கியிருக்கும். இந்த நடை எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சா, அங்கிருந்துதான் வந்திருக்கு. முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு வருஷக்கணக்கா கட்டுரை எழுதி, முடிவுரையில "என்றால் மிகையாகாது" போட்டுப் பழகின கை. ஏஐ மாடல்களும் இந்த மாதிரி எழுத்தை மலை மலையாப் படிச்சுத்தான் வளர்ந்திருக்கு. அதான் ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதறோம்.

மாத்திப் போட்டுப் பாருங்க

எங்க தப்புன்னு கண்டுபிடிக்க நான் பண்ணின முதல் வேலை ரொம்பச் சின்னது. டிராஃப்ட்ல இருக்கிற பெயர்களை மட்டும் மாத்தினேன். "புதுக்கோட்டை"ங்கிற இடத்துல "தர்மபுரி", "அறிவொளி இயக்கம்"ங்கிற இடத்துல "தையல் பயிற்சி மையம்", "சைக்கிள் ஓட்ட"ங்கிற இடத்துல "மெஷின் தைக்க". திரும்ப வாசிச்சுப் பாருங்க. அஞ்சு வரியும் அப்படியே நிக்குது. எந்த வரியும் உடையல.

எங்க வேலையில டெஸ்ட்னா, தப்பு இருந்தா அது ஃபெயில் ஆகணும். எதைக் கொடுத்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட்டால ஒரு பிரயோஜனமும் கிடையாது. வாக்கியமும் அப்படித்தான். எந்த ஊரைப் போட்டாலும் உண்மையா இருக்கிற வரி, நம்ம ஊரைப் பத்தி எதுவுமே சொல்லல.

அடுத்து ஒவ்வொரு வரிக்கு எதிராவும், அந்த வரி எந்தக் கேள்வியை மறைக்குதுன்னு எழுதினேன். "பல்வேறு தடைகள்": என்ன தடை? ஒண்ணு சொல்லு. "புதிய உலகத்தின் கதவு": கதவு திறந்துச்சு சரி, அம்மா எந்த ஊருக்குப் போனாங்க? "சுதந்திரம்": முன்னாடி யாரைக் கேட்டுச் செஞ்ச எந்த வேலையை இப்ப கேட்காமச் செஞ்சாங்க? "இன்றும் உத்வேகம்": அம்மா இன்னைக்கு சைக்கிள் ஓட்டுறாங்களா?

கடைசிக் கேள்வியைத் தவிர ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியல. பெத்த அம்மா கதை, இவ்வளவுதான் தெரியும். இந்த எபிசோடுல நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான். மொழி வறண்டு போய் வர்ற வரின்னு இதை நினைச்சுக்கிட்டிருந்தேன். உண்மையில, கேட்க வேண்டிய ஒண்ணை நான் கேட்காம விட்ட இடத்தை மூடத்தான் அந்த வரி வந்து உட்கார்ந்திருக்கு. அதனால வார்த்தையை மட்டும் மாத்தினா சரியாகாது. "முக்கியப் பங்கு"க்குப் பதிலா "மகத்தான பங்கு"ன்னு போட்டா, அதே ஓட்டைக்கு வேற கலர் துணி.

கேட்டு வந்தது

ரெண்டு பக்கம் தேடினேன். ஒண்ணு, எல்லாருக்கும் தெரிஞ்ச பொதுச் செய்தி. இன்னொண்ணு, அம்மா.

பொதுச் செய்தியைச் சுருக்கமாச் சொல்றேன். புதுக்கோட்டையில அறிவொளி 1991-ல தொடங்குச்சு. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்து சொல்லிக் கொடுக்கிறதோட சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். ஊர் ஊராப் போய் வகுப்பு நடத்துற பெண்களுக்கு, ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போக வழி இல்லைன்னா இயக்கமே நின்னு போயிடும்ங்கிறது காரணம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி நேர்ல வந்து எழுதினார். அது 1996-ல வெளிவந்த அவரோட புத்தகத்துலயும் இருக்கு. அவர் கவனிச்ச ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்காதப்ப பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. சிலருக்கு அதுதான் வசதியாவும் இருந்துச்சு, ஏன்னா நடுவுல இருக்கிற பார்ல குழந்தையை உட்கார வைக்கலாம்.

இந்த ஒரு பார், என் டிராஃப்ட்ல இருந்த "தன்னம்பிக்கை மற்றும் சுதந்திரம்" மொத்தத்தையும் விட அதிகம் சொல்லுது. ஓட்டுறவங்க ஒரு தாய், வெளிய போகும்போதும் பிள்ளையை விட்டுட்டுப் போக முடியாது, கிடைச்ச வண்டியை வச்சு அதுக்கு ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க. மூணு விஷயமும் ஒரு இரும்புக் கம்பியில இருக்கு.

அப்புறம் அம்மாகிட்ட உட்கார்ந்தேன். இங்க ஒரு தப்புப் பண்ணினேன், அதையும் சொல்லிடறேன். முதல்ல "அந்த அனுபவம் எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "நல்லா இருந்துச்சுடா"ன்னாங்க. கேள்வி பொதுவா இருந்தா பதிலும் பொதுவாத்தான் வரும். ரெண்டாவது தடவை மாத்திக் கேட்டேன். யாரு வண்டி? வாடகை எவ்வளவு? முதல் நாள் என்ன உடுத்தியிருந்தீங்க? பின்னாடி யாரு பிடிச்சாங்க? தனியா ஓட்டிப் போன முதல் இடம் எது?

அருவி மாதிரி கொட்டுச்சு. வாடகை சைக்கிள், மணிக்கு 1 ரூபாய். பசங்க எல்லாம் குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்ட அதே வண்டி. பாவாடை தாவணி கட்டிக்கிட்டு பார் வச்ச வண்டியில எப்படி ஏறுறதுங்கிறதுதான் பெரிய பிரச்சினை. நான் டிராஃப்ட்ல "தடைகள்"னு எழுதினப்ப மனசுல இருந்தது ஊர்க்காரங்க கேலி பண்றது. அம்மா ஞாபகத்துல இருந்த தடை துணி. தனியாப் போன முதல் இடம் அன்னவாசல் ரைஸ் மில். அதுவரைக்கும் நெல்லு மூட்டையைத் தூக்கிட்டுப் போக மாமா வீட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணுமாம்.

எல்லாத்தையும் கொட்டாதீங்க

இவ்வளவு கிடைச்சதும் அடுத்த தப்பு. எல்லாத்தையும் உள்ளே போட்டேன். சைக்கிள் கம்பெனி பேரு, தாவணி கலர், கடைக்காரர் மீசை, மில்லுல அன்னைக்கு இருந்த கூட்டம். வாசிச்சுப் பார்த்தா பழைய பொருள் கடைப் பட்டியல் மாதிரி இருந்துச்சு.

அதுல "மாலை மஞ்சள் வெயில்ல அம்மா ஓட்டிப் பழகினாங்க"ன்னு ஒரு வரி. கேட்டுட்டு அம்மா சொன்னாங்க, "சாயந்திரம் எங்கடா நேரம்? காலையில பால் கறக்கிறதுக்கு முன்னாடிதான் ஓட்டினோம். அப்பத்தான் ஆம்பளைங்க யாரும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க." அந்த மஞ்சள் வெயில் நானா போட்டுக்கிட்டது. சினிமாவுல பார்த்தது. விவரம் சேர்க்கணும்னு ஒரு வெறி வந்ததும், தெரியாத இடத்துல கை தானா கற்பனையை எடுத்து ஒட்டிடுது. கற்பனையா ஒட்டின விவரமும் பொதுவான வரிதான். இன்னும் மோசம், ஏன்னா அது உண்மை மாதிரி வேஷம் போட்டிருக்கு.

எதை வைக்கிறது, எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்ண ஒரு வழி வச்சுக்கிட்டேன். ஒரு விவரத்தை எடுத்துட்டு, அதுக்குப் பின்னாடி வர்ற வரிகளை வாசிக்கிறது. ஏதாவது புரியாமப் போகுதா? "பார் வச்ச வண்டி"யை எடுத்தா, தாவணி ஏன் பிரச்சினைன்னு புரியாது. அதனால இருக்கணும். தாவணி நீலமா பச்சையான்னு எடுத்தா எதுவும் ஆகல. வெட்டியாச்சு. இப்படி வெட்டி வெட்டி, இருபது விவரத்துல எட்டோ ஒம்பதோதான் மிஞ்சுச்சு.

தாளம்: எண்ணிப் பாருங்க

அடுத்தது ரிதம். டிராஃப்ட்டை ரெக்கார்ட் பண்ணும்போதே, ஒவ்வொரு வரியும் ஒரே இடத்துல ஏறி ஒரே இடத்துல இறங்குதுன்னு காதுக்குத் தெரிஞ்சது. எங்க பொழப்பே எண்ணுறதுதானே, எண்ணிப் பார்த்தேன். நாலு வரி பைதான்.

```python
import re
text = open("draft.txt", encoding="utf-8").read()
lines = re.split(r"[.?!]+", text)
print([len(s.split()) for s in lines if s.strip()])
```

ஒவ்வொரு வாக்கியத்துலயும் எத்தனை வார்த்தைன்னு இது சொல்லும். முதல்ல நான் வாசிச்ச பத்திக்கு வந்தது இது.

```
[10, 9, 9, 9, 10]
```

சுவர் கட்ட செங்கல் அடுக்கின மாதிரி. அஞ்சு வாக்கியமும் கிட்டத்தட்ட ஒரே நீளம். வாக்கியம் எங்க முடியுதுன்னும் பாருங்க. வகித்தது, வழங்கியது, திறந்தது, பயணித்தனர், மிகையாகாது. தமிழ்ல வினைச்சொல் கடைசியில வர்றது இயல்பு. அதனால நீளமும் ஒண்ணா இருந்து, வினையும் ஒரே மாதிரி முடிஞ்சா, காதுக்கு அது தந்தி அடிக்கிற மாதிரி கேட்கும். இங்கிலீஷ்ல இந்த அளவுக்கு உறைக்காது, ஏன்னா அங்க வாக்கியக் கடைசியில என்னென்னவோ வரும்.

சரி, நீளம்தானே பிரச்சினைன்னு எல்லாத்தையும் நறுக்கினேன். ரெண்டாவது டிராஃப்ட்ல ஒரு இடம் இப்படி இருந்துச்சு: "அம்மா சைக்கிள் ஓட்டினாங்க. பயம் இருந்துச்சு. ஆனா விடல. விழுந்தாங்க. எழுந்தாங்க. ஜெயிச்சாங்க." கேட்ட மாதிரி இருக்கா? ரீல்ஸ்ல பின்னணிக் குரல் இப்படித்தான் வரும். இதுவும் மெஷின்தான், வேற மாடல். அதோட "ஜெயிச்சாங்க"ங்கிறது யாரும் சொல்லாத ஒண்ணு. தாளம் நல்லா விழுதேன்னு நானா போட்டேன்.

நீளத்தை நம்பரை வச்சு முடிவு பண்ணக் கூடாது, விஷயத்தை வச்சு முடிவு பண்ணணும். தொடர்ந்து நடக்கிற ஒரு காட்சியா? வெளிச்சம், திண்ணை, வேலை முடிஞ்சு வர்றவங்க, எல்லாம் ஒரே மூச்சுல வரட்டும், வாக்கியம் நீளமா இருக்கட்டும். கேட்கிறவங்க ஒரு நிமிஷம் நிக்கணுமா? அங்க சின்ன வாக்கியம். நம்பர் எதுக்குன்னா, எங்கேயோ தூங்கிட்டோம்னு காட்டுறதுக்கு. மருந்து அதுல கிடையாது.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம், தமிழுக்கே உரியது. ஒண்ணு "மற்றும்". பேச்சுல யாரும் "இட்லி மற்றும் வடை கொடுங்க"ன்னு கேட்க மாட்டோம். "இட்லியும் வடையும்"னுதான் சொல்வோம். இங்கிலீஷ் வாக்கியத்தை மனசுல வச்சு எழுதும்போது "மற்றும்" வந்து உட்கார்ந்துக்கும். ரெண்டாவது, தேவையில்லாத "ஒரு". "ஒரு முக்கியப் பங்கு", "ஒரு புதிய உலகம்", "ஒரு சிறந்த உத்வேகம்". அஞ்சு வாக்கியத்துல மூணு "ஒரு". எடுத்துப் பாருங்க, எந்த இடத்துலயும் அர்த்தம் குறையாது. அந்த "ஒரு" கிடந்த இடத்துலதான் நான் அடுத்த வார்த்தையை யோசிக்காம எழுதியிருக்கேன்.

குரல்னா வட்டார வழக்கு இல்ல

மூணாவது விஷயம்தான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடல. "உன் குரல்ல எழுது"ன்னு எல்லாரும் சொல்வாங்க. நான் அதை ஊர்ப் பேச்சைத் தூவுறதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். "அடேங்கப்பா", "கேட்டுக்கோங்க மக்களே"ன்னு நடு நடுவுல சேர்த்தேன். பிரியாணி மேல கொத்தமல்லி தூவின மாதிரி, உள்ளே அதே பழைய சோறு.

குரல் எங்க இருந்துச்சுன்னா, நான் மறைச்சு வச்ச ஒரு இடத்துல இருந்துச்சு. நான் கேள்வி எழுதினப்ப கடைசியா ஒண்ணு எழுதினேனே, "அம்மா இன்னைக்கு சைக்கிள் ஓட்டுறாங்களா?"ன்னு. இல்லை. நான் பிறந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட அம்மா சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. 1995-ல கல்யாணம் ஆனதோட நின்னு போச்சு. இது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும், "இன்றும் உத்வேகமாகத் திகழ்கிறது"ன்னு எழுதினேன். ஏன்னா அதைச் சொன்னா இயக்கத்தைக் குறை சொல்ற மாதிரி ஆகிடுமோன்னு பயம். அப்பாவையும் குறை சொல்ற மாதிரி ஆகிடுமோன்னு அதைவிடப் பயம்.

ஆக, அந்தக் கடைசி வரி சோம்பேறித்தனத்துல வந்தது இல்ல. ஒரு உண்மைக்கு மேல நான் போட்ட மூடி. அம்மாவுக்கு அவங்க கதை தெரியாமப் போனதுக்குக் காரணமும் அதுதான். அவங்க கதையில ஓட்டினது பாதி, நிறுத்தினது பாதி. நான் பாதியை எடுத்துட்டு, மிச்சத்துக்கு வாழ்த்து மடல் ஒட்டியிருந்தேன்.

இதைப் பப்ளிக்காப் பேசலாமான்னு அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் தனித்தனியாக் கேட்டேன். அம்மா, "பேரு போடாத, மத்தபடி நடந்ததுதானே"ன்னாங்க. அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான் ஓட்டாதேன்னு சொன்னதில்லப்பா, அதையும் சேர்த்துச் சொல்லு"ன்னார். சொல்றேன்.

திருத்தின பத்தி

> 1992-ல் அம்மாவுக்கு 17 வயசு. அறிவொளித் தொண்டரா இருந்தாங்க. ராத்திரி 7 மணிக்கு மேல, வயல் வேலை முடிஞ்சு வர்ற 10 பொம்பளைங்களுக்குக் கோயில் திண்ணையில அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. பக்கத்து ஊர் மையத்துக்கும் போகணும்னு சொன்னப்பதான் சைக்கிள் வந்தது. வாடகை சைக்கிள், மணிக்கு 1 ரூபாய், ஆம்பளைங்க ஓட்டுற பார் வச்ச வண்டி. பாவாடை தாவணியோட அதுல எப்படி ஏறுறதுன்னு யாருக்கும் தெரியல. முதல் வாரம் பெரியம்மா கேரியரைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடினாங்க, ரெண்டாவது வாரம் பிடிச்ச மாதிரி ஓடி வந்தாங்க, பிடிக்கல. அதுக்கப்புறம் நெல்லு அரைக்க அன்னவாசல் போக அம்மா யாரையும் எதிர்பார்க்கல. 3 வருஷம் ஓட்டினாங்க. 1995-ல் கல்யாணம். புகுந்த வீட்டுல சைக்கிள் இருந்துச்சு, அப்பா வேலைக்குப் போறதுக்கு. அம்மா அதைத் தொடவே இல்லை. ஏன்னு கேட்டேன். "ஓட்டாதேன்னு யாரும் சொல்லலடா, ஓட்டுன்னும் யாரும் சொல்லல"ன்னாங்க.

அதே நாலு வரி கோடுல போட்டுப் பார்த்தேன்.

```
[4, 3, 18, 7, 10, 7, 14, 8, 3, 2, 7, 4, 2, 6]
```

இந்த நம்பருக்காக நான் எழுதல, எழுதி முடிச்சப்புறம்தான் ஓட்டினேன். ஆனா பாருங்க, நீளமான ரெண்டு வாக்கியமும் ஓடுற காட்சிகள். ஒண்ணு வகுப்பு, இன்னொண்ணு பெரியம்மா பின்னாடி ஓடுறது. ஆரம்பத்துல வர்ற ரெண்டைத் தவிர, சின்னது எல்லாம் கல்யாணத்தைச் சுத்தி வந்து விழுந்திருக்கு. நான் தயங்குற இடம் அது.

மாத்திப் போடுற டெஸ்ட்டையும் பண்ணுங்க. "அன்னவாசல்"ல தர்மபுரியைப் போடுங்க, சைக்கிள் இடத்துல தையல் மெஷினைப் போடுங்க. பெரியம்மா எதைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாங்க? உடைஞ்சிடும். உடையணும்.

"சுதந்திரம்"ங்கிற வார்த்தையே இந்தப் பத்தியில இல்லைங்கிறதையும் கவனிங்க. "தடை"யும் இல்ல, "உத்வேக"மும் இல்ல. அந்த மூணும் ரைஸ் மில்லுலயும் தாவணியிலயும் பெரியம்மா கையிலயும் இருக்கு. பேர் சொல்ல வேண்டியதில்லை.

இதுல மாட்டிக்கிற இடம்

ஒரு எச்சரிக்கை. இப்படி எழுதும்போது, ஒருத்தர் கதை அவ்வளவு அழுத்தமா வந்துடும், கேட்கிறவங்க அதையே மொத்த உண்மைன்னு எடுத்துக்குவாங்க. எங்க அம்மா நிறுத்தினாங்கங்கிறதை வச்சு, "அறிவொளி அவ்வளவுதான்"னு யாராவது முடிவு பண்ணினா அது அநியாயம். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினாங்க. அதுல எத்தனை பேர் தொடர்ந்தாங்க, எத்தனை பேர் நிறுத்தினாங்கன்னு ஒரு அம்மாவை வச்சுச் சொல்ல முடியாது. அதனாலதான் ஸ்கிரிப்ட்ல இந்தப் பத்திக்கு அடுத்ததா பொதுச் செய்தியை வச்சேன்: 1991, கலெக்டர், சாய்நாத் எழுதினது, பார்ல உட்கார்ந்த குழந்தை. ஒண்ணு இன்னொண்ணைத் திருத்தட்டும்.

இன்னொண்ணு, எல்லா எழுத்துக்கும் இது வேண்டாம். மெஷின் மாதிரி இருக்க வேண்டிய எழுத்தும் உண்டு. லீவ் லெட்டர், பஸ் நேர அட்டவணை, நான் ஆபீஸ்ல எழுதற டாக்குமென்டேஷன். அங்க ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி இருந்தாத்தான் தேடுறவங்களுக்கு வசதி. இந்த வேலையெல்லாம், யாரோ ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்ற எழுத்துக்கு.

கடைசியா

புது வெர்ஷனை அம்மாவுக்குப் போட்டுக் காமிச்சேன். இந்தத் தடவை யாரு கதைன்னு கேட்கல. நடுவுல நிறுத்தி, "10 பேர் இல்லடா, 11. ஒரு பாட்டி கணக்குல சேராம வந்து உட்காரும்"னாங்க.

ஸ்கிரிப்ட்ல இன்னும் 10-ன்னுதான் இருக்கு. கணக்குப்படி 10 பேர்தான், அந்தப் பாட்டி கணக்குல சேராதவங்க. அவங்களுக்குத் தனியா ஒரு வாக்கியம் எழுதணும், இன்னும் சரியா வரல. வந்ததும் அந்த எபிசோடைப் போடறேன்.

அதுவரைக்கும், உங்ககிட்ட ஏதாவது டிராஃப்ட் இருந்தா எடுத்து, ஊர்ப் பேரை மட்டும் மாத்தி வாசிச்சுப் பாருங்க. உடையாத வரிக்குப் பக்கத்துல, அது மறைக்கிற கேள்வியை எழுதுங்க. அப்புறம் அதுக்குப் பதில் தெரிஞ்சவங்க யாரோ அவங்ககிட்ட போய் உட்காருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.